முடி வெட்டிக்கொள்ள வந்த கரடி: ஒரு படப்புத்தகத்தைத் தமிழாக்க நான்கு வழிகள்

சந்தத்தோடு எழுதப்பட்ட ஆங்கிலப் படப்புத்தகம் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், முதல் வரியை எழுதுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வரிக்கு வரி பொருள் சொல்லும் உரைநடையா, நம் எதுகை மோனையோடு பாட்டா, வாய்விட்டுச் சொல்லும் கதைநடையா, அல்லது ஊரையும் பேரையும் மாற்றிய முழுத் தழுவலா? இந்த முடிவைத் தள்ளிப்போட்டுவிட்டு எழுத ஆரம்பித்தால், ஒரு பக்கம் பாட்டாகவும் அடுத்த பக்கம் பாடநூல் மாதிரியும் வந்து நிற்கும். அதைத் திருத்துவதைவிட முதலிலிருந்து எழுதுவது எளிது.

நான்கு வழிகளையும் ஒரே கதையில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வேறொருவர் புத்தகத்தை அறுத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, இந்தக் கட்டுரைக்காகவே ஒரு கதையை வைத்துக்கொள்கிறேன். பனி பெய்யும் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முடிதிருத்தும் கடை. காலையிலிருந்து ஆளே வரவில்லை. அப்போது ஒரு பெரிய கரடி வருகிறது, முடி வெட்டச் சொல்கிறது. உட்கார்ந்ததும் நாற்காலி உடைகிறது. வெட்ட வெட்ட முடி குறையவே இல்லை. கடை நிறைகிறது, ஜன்னல் வழியாக வெளியே கொட்டுகிறது. பக்கத்துக் கடை அம்மா வந்து கேட்கிறார், நம்ப மறுக்கிறார். கடைசியில் பக்கத்தைத் திருப்பினால் குளிரில் நடுங்கும் மொட்டைக் கரடி. கடைக்காரர் வெட்டிய முடியிலேயே ஒரு சட்டை பின்னிக் கொடுத்து அனுப்புகிறார்.

வழக்கமான 32 பக்கம், முந்நூறு சொல்லுக்குள். புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு. ஆங்கிலத்தில் ஒவ்வொரு விரிப்பிலும் இரண்டு வரி, வரிக்கு நான்கு தட்டு. வரிகளின் கடைசிச் சொற்கள் ஒலியால் பொருந்துகின்றன: பேர், சேர், ஹேர், ஸ்டேர் என்று. நாலைந்து இடங்களில் கத்தரிக்கோல் சத்தத்தோடு ஒரு பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. மொட்டையான கரடி வரும் இடத்தில் ஒரு சிலேடை: ஆங்கிலத்தில் கரடிக்கும் வெறும் உடம்புக்கும் ஒரே ஒலி.

ஆங்கிலத்தில் சிரிப்பு எங்கே இருக்கிறது

மூலத்தைப் பிரித்துப் பார்க்கும்போது பொருளை முதலில் பார்க்கக் கூடாது. பக்கம் திரும்பும் இடத்தைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் புத்தகங்களில் முதல் வரியின் கடைசிச் சொல் காதில் விழுந்ததும், இரண்டாவது வரி எந்த ஒலியில் முடியும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சொல் பக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். குழந்தை ஊகித்துக் கத்தும், அம்மா பக்கத்தைத் திருப்புவார், படம் அதை உறுதிப்படுத்தும் அல்லது ஏமாற்றும். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஆக, வரிக்கடைசி ஒலி அலங்காரத்துக்கு இல்லை. கதையைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையைச் செய்கிறது.

தமிழில் இதை அப்படியே செய்ய முடியாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நம் வாக்கியம் வினையில் முடிகிறது. 'வந்தது', 'உட்கார்ந்தது', 'உடைந்தது' என்று எல்லா வரியும் தானாகவே ஒரே மாதிரி முடியும். ஆங்கிலத்தில் தேடிப் பிடித்த ஒலிப்பொருத்தம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதால் காது அதைக் கவனிப்பதில்லை. நம் காது வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. முதலெழுத்து ஒன்றும் மோனையும், இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும்தான் தமிழில் ஓசையைத் தாங்குகின்றன. கடைசியில் வரும் இயைபு அவற்றுக்குத் துணை, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஆச்சரியம் தர வேண்டிய பெயர்ச்சொல் நம் வாக்கியத்தில் நடுவில் மாட்டிக்கொள்கிறது. 'கதவைத் திறந்துகொண்டு ஒரு கரடி உள்ளே வந்தது' என்றால் கரடியை நடுவிலேயே சொல்லித் தீர்த்துவிட்டோம்; பக்கத்தைத் திருப்பும்போது மிச்சம் இருப்பது 'வந்தது' மட்டும். இதைச் சரிசெய்யத் தமிழிலேயே வழி இருக்கிறது: 'உள்ளே வந்தது... ஒரு கரடி!' வினையை எழுவாய் இடத்துக்குக் கொண்டுவந்து, சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைக்கும் இந்த அமைப்பு பேச்சிலும் எழுத்திலும் இயல்பானது. நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பக்கம் திரும்பும் வரிகளில் இதைப் பயன்படுத்தலாம். நான் மூலத்தை வாங்கியதும் முதலில் செய்வது, பக்கம் திரும்பும் இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் எந்தச் சொல் கடைசியில் விழ வேண்டும் என்று குறித்துக்கொள்வதுதான்.

வரிக்கு வரி உரைநடை

நாற்காலி உடையும் விரிப்பை எடுத்துக்கொள்வோம். பொருள் மட்டும் போதும் என்றால் இப்படி வரும்:

'ஒரு பெரிய கரடி கடைக்குள் வந்தது. அது முடிதிருத்துபவரின் நாற்காலியில் உட்கார்ந்தது. உடனே நாற்காலி உடைந்துவிட்டது.'

இதில் பொருட்பிழை எதுவும் இல்லை. பதிப்பாளர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க மிக வசதி. விரைவாக முடிந்துவிடும். ஆனால் வாய்விட்டு வாசித்தால் மூன்று வாக்கியமும் ஒரே மாதிரி கீழே இறங்கி நிற்கின்றன. படம் ஏற்கெனவே காட்டிவிட்டதையே எழுத்தும் சொல்கிறது. பாதிப் பொருளைப் படத்திடம் விட்டுவிடுவதுதான் படப்புத்தகத்தின் முறை. 'பெரிய' என்ற சொல் தேவையே இல்லை. பக்கத்தில் முக்கால்வாசியைக் கரடி அடைத்துக்கொண்டிருக்கிறது.

சந்தமே இல்லாத மூலத்துக்கு, குறிப்பாகத் தகவல் சொல்லும் புத்தகங்களுக்கு, இந்த வழி நல்லது. நம் கரடிக்கு உதவாது.

முழுத் தழுவல்

கடைக்காரருக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, ஊரைத் தஞ்சாவூர்ப் பக்கம் கொண்டுவந்து, பனிக்குப் பதில் மார்கழிக் குளிர் என்று மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். எழுத்தை நாம் மாற்றலாம், படத்தை மாற்ற முடியாது. ஜன்னலுக்கு வெளியே கூரைகள் மேல் வெள்ளையாகப் பனி கிடக்கிறது. கடை வாசலில் மேற்கத்திய முடிதிருத்தும் கடைகளில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட தூண். மேசைமேல் இருப்பது வடையும் டம்ளரும் இல்லை. நாலு வயதுக் குழந்தை படத்தை நம்மைவிட நுணுக்கமாகப் பார்க்கும். எழுத்து ஒன்றும் படம் ஒன்றும் சொன்னால் உடனே விரல் வைத்துக் கேட்கும்.

ஒப்பந்தமும் பெரும்பாலும் இதற்கு இடம் தராது. மொழிபெயர்ப்பு உரிமை வேறு, தழுவல் உரிமை வேறு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் போன்ற திறந்த உரிமக் களங்களில் உள்ள கதைகளை, மூலக் கதையாசிரியரையும் ஓவியரையும் குறிப்பிட்டுவிட்டு, மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். அங்கேகூடப் படம் போடும் எல்லை அப்படியேதான் இருக்கும். எனவே ஊரை மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆனால் தழுவலுக்கான ஆசையில் ஒரு நியாயம் இருக்கிறது: பாத்திரங்கள் நம் வீட்டு மனிதர்கள் மாதிரிப் பேச வேண்டும் என்பது. படம் எதை உடுத்தியிருந்தாலும் பேச்சைத் தமிழாக்க முடியும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பாட்டாக எழுதினால்

இதே விரிப்பு பாட்டில்:

தடதட வென்று கரடி வந்தது,
தரையும் படியும் ஆட வந்தது,
மடமட வென்றே ஏறி அமர்ந்தது,
மரநாற் காலி...

(பக்கம் திரும்புகிறது)

மளுக்!

வரிக்கு நான்கு சீர். 'தடதட', 'மடமட' எதுகை. 'தடதட – தரையும்', 'மடமட – மரநாற்காலி' மோனை. வரிக்கடைசியில் 'வந்தது', 'அமர்ந்தது' என்று இயைபும் இருக்கிறது, ஆனால் பாட்டைத் தூக்கி நிறுத்துவது தொடக்கம்தான். நான்காவது வரி மட்டும் பாதியில் நிற்கிறது. முதல் மூன்று வரியில் பழகிய காது மிச்சத்துக்காகக் காத்திருக்கும்போது பக்கம் திரும்பி 'மளுக்' விழுகிறது. ஆங்கிலத்தில் ஒலிப்பொருத்தம் செய்த வேலையை இங்கே தாளத்தில் விட்ட இடைவெளி செய்கிறது.

ஓசையை எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். ஆங்கிலச் சந்தம் அழுத்தத்தை எண்ணுகிறது. அழுத்தம் விழாத அசைகள் இரண்டோ மூன்றோ இருந்தாலும் வேகமாக நசுக்கிச் சொல்லிவிடலாம். தமிழில் அப்படி நசுக்க முடியாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை; நீளமான சொல் நீளமாகத்தான் ஒலிக்கும். 'அமர்ந்தது' இருக்கும் இடத்தில் 'உட்கார்ந்துகொண்டது' வைத்தால் தாளம் அங்கேயே தடுக்கும். ஆங்கில மூலத்தின் அசைகளை எண்ணி அதே எண்ணிக்கையில் தமிழில் எழுத முயல்வது அதனால்தான் வீண் உழைப்பு. கையால் தொடையில் நான்கு தட்டுத் தட்டி, ஒவ்வொரு சீரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

பாட்டின் விலையும் இந்த நான்கு வரிக்குள்ளேயே தெரிகிறது. 'தரையும் படியும் ஆட' என்பது மூலத்தில் இல்லை. எதுகைக்கும் மோனைக்கும் இடம் நிரப்ப நான் சேர்த்தது. படத்தில் அலமாரிப் புட்டிகள் குலுங்குவதாக இருந்தால் அது பொருந்தும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். 'வென்றே' என்பதில் உள்ள ஏகாரம் பொருள் எதுவும் தராத நிரப்பி. ஒரு புத்தகத்தில் இப்படி ஒன்றிரண்டு இருந்தால் யாருக்கும் தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் ஏகாரம், 'அங்கே', 'நன்றாய்', 'தானே' என்று வர ஆரம்பித்தால், சொல்ல விஷயம் தீர்ந்துபோய் தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாட்டு வழி தோற்றுப்போவதற்கு முதல் அறிகுறி அதுதான். அடுத்த அறிகுறி, வீட்டில் யாரும் சொல்லாத சொற்கள் எதுகைக்காக நுழைவது: 'கேசம்', 'நகைத்தான்', 'புகன்றான்'. அப்புறம், வினை வரியின் தலைக்கு ஏறிக் குழந்தைக்கு யார் யாரை என்ன செய்தார்கள் என்று புரியாமல் போவது.

அச்சில் இன்னொரு சிக்கல். சீர் பிரித்து 'தடதட வென்று', 'மரநாற் காலி' என்று எழுதுவது நமக்குப் பழக்கம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தைக்கு 'மரநாற்' என்ற சொல் எங்கேயும் கிடையாது. படப்புத்தகத்தில் 'தடதடவென்று', 'மரநாற்காலி' என்று சொல்லைச் சேர்த்தே அச்சிட வேண்டும். தாளத்தை வாசிக்கிறவர் வாய் பார்த்துக்கொள்ளும்.

சொல்கதை நடை

நான்காவது வழி உரைநடைதான், ஆனால் பாட்டி கதை சொல்லும் உரைநடை. குட்டி வாக்கியம், கேள்வி, சத்தம், நிறுத்தம்.

தட. தட. தட. தட.
யார் அது?
கதவு திறந்தது. உள்ளே வந்தது... ஒரு கரடி!
கரடிக்கு முடி வெட்ட வேண்டுமாம்.
சரி, ஏறி உட்கார்ந்தது.
நாற்காலி என்ன சொன்னது?

(பக்கம் திரும்புகிறது)

மளுக்!

இங்கே எதுகை இல்லை. ஆனாலும் தாளம் இருக்கிறது. நான்கு 'தட', சின்னக் கேள்வி, நீண்ட வரி, மறுபடி சின்ன வரி என்று மூச்சின் அளவில் அது வருகிறது. 'நாற்காலி என்ன சொன்னது?' என்ற கேள்விக்குக் குழந்தை பதில் சொல்லும். இரண்டாம் முறை வாசிக்கும்போது 'மளுக்' அதன் வாயிலிருந்தே வரும். மூலத்தில் ஒலிப்பொருத்தம் தந்த ஊகிக்கும் சந்தோஷம் இங்கே கேள்வி வழியாகத் திரும்பக் கிடைக்கிறது.

'வேண்டுமாம்' என்பதில் உள்ள 'ஆம்' தமிழின் பெரிய சொத்து. சொல்கிறவர் தான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன் என்று ஒதுங்கி நிற்கிறார். 'கரடிக்கு முடி வெட்ட வேண்டும்' என்பது செய்தி. 'வேண்டுமாம்' என்றதும் சொல்கிறவர் புருவத்தைத் தூக்குவது கேட்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனியாக ஒரு சொல்லோ தொடரோ தேவைப்படும். ஆனால் எல்லா வரியிலும் 'வந்ததாம், உட்கார்ந்ததாம், உடைந்ததாம்' என்று போட்டால் வேலைக்கு ஆகாது. நம்ப முடியாத இடத்தில் மட்டும் வைக்க வேண்டும்.

இரட்டைக்கிளவியும் அப்படித்தான். கரடி வரும்போது அதன் முடி 'புசுபுசு', கடைசியில் அதன் உடம்பு 'வழவழ'. கதையின் தொடக்கத்தையும் முடிவையும் இந்த இரண்டு சொல்லிலேயே வைத்துவிடலாம். நடுவில் வேறு பத்து இரட்டைக்கிளவிகளை இறைத்தால் இந்த இரண்டும் தொலைந்துபோகும்.

இந்த நடையின் குறை: இது சொல்கிறவரை நம்பி நிற்கிறது. நிறுத்தம் எங்கே, குரல் எங்கே ஏறும் என்று தெரியாத ஒருவர் ஒரே மூச்சில் வாசித்தால் வெறும் துண்டு வாக்கியங்களாகத்தான் கேட்கும். பாட்டுக்கு அந்தப் பயம் குறைவு. எவ்வளவு கூச்சப்படுகிற அப்பா வாசித்தாலும் நான்கு சீர் அவரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

என் தேர்வு: கதை உரைநடையில், பல்லவி பாட்டில்

இந்தக் கரடிக்கு நான் சொல்கதை நடையையே எடுப்பேன், கத்தரிக்கோல் பல்லவியை மட்டும் பாட்டாக வைப்பேன். முழுப் பாட்டு என்றால் பதின்மூன்று, பதினான்கு விரிப்புக்கும் எதுகை பிடிக்க வேண்டும். படத்தில் இல்லாத தரையும் படியும் ஆட ஆரம்பிப்பது அப்போதுதான். பல்லவி நான்கே வரி. அதில் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் தகும், ஏனென்றால் குழந்தை மனப்பாடம் செய்யப்போவது அதைத்தான். எதுவும் கூட்டாமல் தாளம் நிற்கும் வரை அதைத் தேய்க்கலாம்.

பல்லவி இப்படி வந்தது:

சரக் சரக், சரக் சரக்,
வெட்ட வெட்ட முடி!
சரக் சரக், சரக் சரக்,
முடியலையே முடி!

தமிழில் தலைமுடியும் 'முடி', வேலை தீர்வதும் 'முடி'. கதையே வெட்டி முடியாத முடியைப் பற்றியது. படத்தில் கடை முழுக்க மயிர்க்குவியல். ஆங்கிலத்துக் கரடிச் சிலேடையைத் தமிழில் காப்பாற்ற வழியே இல்லை. அடிக்குறிப்புப் போட்டு விளக்கினால் அது சிலேடையும் இல்லை, கதையும் இல்லை. அதை அந்தப் பக்கத்தில் விட்டுவிட்டு, தமிழ் தானாகக் கொடுக்கும் இடத்தில் ஒரு சிலேடையை வாங்கிக்கொண்டேன். மூலத்தில் ஒரே ஒரு முறை வந்த சிரிப்பு இங்கே பல்லவியோடு சேர்ந்து நாலைந்து முறை வருகிறது. கடைசித் தடவை மட்டும் பல்லவியின் நான்காவது வரி மாறும்: 'முடிஞ்சு போச்சே முடி!' பக்கத்தைத் திருப்பினால் மொட்டைக் கரடி. அங்கே எழுத்து ஒரு சொல் போதும்: 'வழவழ.'

இரண்டாவது ஈடு பக்கத்துக் கடை அம்மாவிடம் கிடைக்கிறது. மூலத்தில் அவர், தான் நம்பவில்லை என்று மட்டும் சொல்கிறார். படத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். கடைக்காரர் 'ஒரு கரடி வந்திருக்குங்க' என்கிறார். அம்மா: 'சும்மா கரடி விடாதீங்க!' நாலு வயதுக்கு இந்தப் பேச்சுவழக்கு தெரியாமல் இருக்கலாம். கூட வாசிக்கும் அம்மாவோ அண்ணனோ சிரிப்பார்கள், ஏன் சிரித்தார்கள் என்று குழந்தை கேட்கும். கதை புரிவதற்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அந்த இடுப்புக் கை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இப்படி ஈடு செய்யும் நகைச்சுவைக்கு நான் வைக்கும் விதி இதுதான்: புரியாதவருக்கும் கதை நொண்டக் கூடாது.

ஒரு நகைச்சுவையை வேண்டாம் என்று வைத்ததையும் சொல்கிறேன். மொட்டையைப் பார்த்ததும் பழனி, வேண்டுதல், சந்தனம் எல்லாம் நம் நினைவுக்கு வரும். பக்கத்துக் கடை அம்மா 'எந்தக் கோவில் வேண்டுதல்?' என்று கேட்டால் தமிழ் வாசகர் சிரிப்பார். ஆனால் பனி பெய்யும் அந்தத் தெருவில் அவர் அதைக் கேட்க முடியாது. 'கரடி விடாதீங்க' மொழியிலிருந்து வருகிறது, எந்த ஊர்ப் படத்துக்கும் பொருந்தும். கோவில் இடத்திலிருந்து வருகிறது, இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

வாங்க சார், வா தம்பி

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழில் ஒவ்வொரு பேச்சிலும் நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இதைச் சுமையாக நினைக்கத் தேவையில்லை, நகைச்சுவைக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. கடைக்காரருக்குக் கரடியைக் கண்டு பயம். அதனால் 'வாங்க சார், உட்காருங்க சார்.' நாற்காலி உடைந்ததும் 'பரவாயில்லைங்க சார், பழைய நாற்காலிதான்.' வெட்டி வெட்டிக் கை வலிக்கும்போது 'சார்' காணாமல் போகிறது: 'கொஞ்சம் தலையைக் குனிங்க.' மொட்டையடித்து முடிந்து, உள்ளே இருந்தது இவ்வளவு சின்ன உடம்பா என்று தெரிந்ததும், 'குளிருதா தம்பி?' கரடி சுருங்குவதைப் படம் காட்டுகிறது, மரியாதை சுருங்கிப் பாசம் வருவதைப் பேச்சு காட்டுகிறது. மூலத்தில் இது வெளிப்படையாக இல்லை, ஆனால் படங்களில் கடைக்காரர் முகம் மாறுவதில் இருக்கிறது.

கதை சொல்லும் குரலில் மட்டும் கரடி 'வந்தது, உட்கார்ந்தது' என்று அஃறிணையிலேயே இருக்கட்டும். கதைசொல்லியும் 'வந்தார்' என்று ஆரம்பித்தால் கடைக்காரரின் 'சார்' எடுபடாது.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற பழைய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கதை எழுத்துத் தமிழில், பேச்சும் பல்லவியும் பேச்சுவழக்கில். முழுவதும் பேச்சுத் தமிழில் எழுதினால் யாருடைய பேச்சு என்ற கேள்வி வரும். சென்னை வாசகருக்கு இயல்பான 'முடியலையே' யாழ்ப்பாணத்து வீட்டில் அப்படி ஒலிக்காது. பேச்சை மேற்கோளுக்குள் வைத்துவிட்டால் அது அந்தப் பாத்திரத்தின் குரல், கதை எல்லோருக்கும் பொது.

யார் வாசிக்கப்போகிறார்கள்

மடியில் உட்காரவைத்து மூன்று வயதுக் குழந்தைக்கு வாசிக்கும் புத்தகம் என்றால் நான் சொன்ன கலப்பு வழி. ஆசிரியர் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து வாசிக்கும் பெரிய அளவுப் பதிப்பு என்றால், நான் பாட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்வேன். வகுப்பு ஒன்றாகச் சேர்ந்து சொல்ல ஒரே தாளம் வேண்டும். ஆறு, ஏழு வயதில் தானே எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு என்றால் பாட்டைக் குறைத்து, ஒரு வரியில் நான்கைந்து சொல்லுக்கு மேல் போகாமல், 'உட்கார்ந்துகொண்டிருந்தது' மாதிரி நீளமான வினைகளை அறவே தவிர்த்து எழுத வேண்டும். மூன்று பேரையும் ஒரே பதிப்பில் திருப்திப்படுத்தச் சொன்னால், வாய்விட்டு வாசிப்பவரின் பக்கம் நின்று முடிவெடுப்பதே நல்லது. சின்ன வயதில் இந்தப் புத்தகங்கள் காது வழியாகத்தான் உள்ளே போகின்றன.

எழுதி முடித்ததும் நாமே வாசித்துப் பார்ப்பதில் பயன் குறைவு. நம் மனதில் உள்ள தாளத்தை நம் வாய் போட்டுக்கொள்ளும். கதையே தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, முன்னால் படித்துப் பார்க்க விடாமல், நேராகக் குழந்தைக்கு வாசிக்கச் சொல்ல வேண்டும். நாம் ஓரமாக உட்கார்ந்து அவர் தடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறிக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுக்கினால் குற்றம் வரியில் இருக்கிறது. பல்லவி மூன்றாம் முறை வரும்போது அவர் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தட்டும், குழந்தை 'முடி!' என்று சொன்னால் பல்லவி பிடித்துவிட்டது. சொல்லாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாளம் இன்னும் இறுகவில்லை.

பக்கத்தில் இடம் இருக்கிறதா

ஆங்கிலத்தைவிடத் தமிழில் சொற்கள் குறையும், ஆனால் இடம் கூடும். எழுத்துகள் அகலம், மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம் வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு வரி நின்ற மூலையில் தமிழில் ஆறு குட்டி வரி நிற்காமல் போகலாம். அதனால் எழுதத் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு விரிப்பிலும் எழுத்துக்கு விட்ட இடம் எவ்வளவு என்று வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என் சொல்கதை நடை இந்த விஷயத்தில் பாட்டைவிட வசதி. வரியை எங்கே மடித்தாலும் தாளம் கெடாது. பாட்டில் வரி மடிந்தால் எதுகை தெரியாமல் போகும்.

'மளுக்' மாதிரியான சத்தங்களை ஓவியர் படத்துக்குள்ளேயே வரைந்திருந்தால் அது தனி வேலை. பல மொழிப் பதிப்புகளைச் சேர்த்து அச்சிடும்போது படத்தின் நிறத் தகடுகள் பொதுவாக இருக்கும், கறுப்புத் தகடு மட்டும் மொழிக்கு மொழி மாறும். கறுப்பில் உள்ள எழுத்தைத்தான் சுலபமாக மாற்ற முடியும். சிவப்பில், கோணலாக, நாற்காலிச் சிதறலுக்கு நடுவே வரைந்த ஆங்கிலச் சத்தம் அப்படியே நின்றுவிடும் ஆபத்து உண்டு. அந்த எழுத்து தனி அடுக்கில் உள்ள கோப்பு கிடைக்குமா என்று ஒப்பந்தக் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். கிடைக்காது என்றால் 'நாற்காலி என்ன சொன்னது?' என்ற என் கேள்வி வேலை செய்யாது, ஏனென்றால் பதில் பக்கத்தைத் திருப்பியதும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அப்போது கேள்வியை எடுத்துவிட்டு, பக்கத்தைத் திருப்பிய பிறகு கடைக்காரர் வாயில் 'பரவாயில்லைங்க சார்' என்ற வரியை முதலில் வைத்துச் சிரிப்பை அங்கே நகர்த்துவேன்.

கடைசியாக, தமிழ் தெரியாத மூலப் பதிப்பாளர் தமிழ்ப் பிரதியை மறுபடி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டச் சொல்வது உண்டு. அதை வெறும் பொருளாக எழுதிக் கொடுத்தால் 'எங்கள் சிலேடை எங்கே? இந்த முடியாத முடி எங்கிருந்து வந்தது?' என்று கேள்வி வரும், சில நேரம் ஒப்புதலே நின்றுபோகும். இரண்டு பத்தி போட்டு அனுப்புவது நல்லது. இடப்பக்கம் வரியின் பொருள். வலப்பக்கம் அந்த வரி என்ன செய்கிறது என்ற குறிப்பு: இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள், உங்கள் மொட்டைக் கரடிப் பக்கத்துச் சிலேடைக்கு ஈடாக இதை இங்கே வைத்திருக்கிறோம், பக்கம் திரும்பும் இடம் மாறவில்லை. இந்தக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதோடு, யாராவது ஒருவர் தமிழில் வாசித்த ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பினால் மூல எழுத்தாளரே கேட்டுப் பார்த்துக்கொள்வார்.